கல்யாண வீடியோ 8 டெராபைட்: கார்டில் சுருக்குவதா, பிராசசரில் சுருக்குவதா?

கொடுமுடி_வீடியோ · வெள்ளி, இரவு 10:42

வணக்கம். சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். இதுவரை எடுத்த கல்யாணங்களில் 60 கல்யாணத்தின் முழு நீள வீடியோ என்னிடம் இருக்கிறது. ஒவ்வொன்றும் சராசரியாக ஆறு மணி நேரம் ஓடும். எல்லாமே 1080p, நொடிக்கு 25 ஃபிரேம், எச்.264-இல் 50 மெகாபிட்டாக எக்ஸ்போர்ட் செய்தவை. ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி, ஒரு கல்யாணத்துக்கு 135 ஜிபி, மொத்தம் 8.1 டெராபைட். இரண்டு டிஸ்க்கில் இரண்டு பிரதி வைத்திருப்பதால் இதற்கு மேல் டிஸ்க் வாங்கி மாளாது.

எல்லாவற்றையும் எச்.265-க்கு மாற்றலாம் என்று முடிவு செய்தேன். கம்ப்யூட்டரில் ரைசன் 5 5600 பிராசசரும் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டும் இருக்கின்றன. ஒரு மணி நேரத் துண்டு ஒன்றை இரண்டு வழியிலும் ஓட்டிப் பார்த்தேன். பிராசசரில் ஓடும் எக்ஸ்265-இல் `-crf 23`, கார்டில் `-cq 23`. இரண்டிலும் ஒரே எண்தான். கார்டு எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டது. பிராசசர் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஆனால் கார்டு கொடுத்த ஃபைல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெரியது.

வேகம் வேண்டும் என்றால் இரண்டு மடங்கு இடத்தை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? ஒருமுறை மாற்றிவிட்டால் பழைய ஃபைல்களை அழித்துவிடுவேன். அதனால் அவசரப்பட விரும்பவில்லை.

சேலம்_செந்தில் · வெள்ளி, இரவு 11:05

கார்டு அப்படித்தான் சகோ. வேகத்துக்காகச் செய்தது, தரத்துக்காக அல்ல. நான் பழைய ஜிடிஎக்ஸ் 960 வைத்திருந்தபோது கார்டில் எடுத்த வீடியோவைப் பார்க்கவே முடியாது, முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். அன்றிலிருந்து எல்லாமே பிராசசர்தான்.

அப்படியும் கார்டில்தான் செய்ய வேண்டும் என்றால் 3060-ஐக் கொடுத்துவிட்டு 3080 மாதிரி ஒன்று வாங்குங்கள். கூடா கோர் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல். கோர் கூடினால் தரமும் கூடும்.

நிழல்வரி · சனி, காலை 6:20

செந்தில், பழைய கார்டைப் பற்றிச் சொன்னது சரி. மேக்ஸ்வெல் காலத்துக் கார்டுகளின் எச்.265 சுமார்தான். 2018-இல் வந்த டியூரிங் தலைமுறையிலிருந்து நிலைமை நன்றாகவே மாறிவிட்டது. அதற்கு முன் என்விடியா கார்டில் எச்.265-க்கு பி-ஃபிரேமே கிடையாது. முன்னும் பின்னும் உள்ள இரண்டு படங்களிலிருந்தும் எடுத்து நடுப்படத்தைக் கட்டுவதுதான் பி-ஃபிரேம். அது இல்லாவிட்டால் அதே தரத்துக்குக் கூடுதல் பிட் போகும்.

ஆனால் 3080 வாங்கச் சொன்னது வீண் செலவு. வீடியோவைச் சுருக்குவது கூடா கோர் அல்ல. சிப்பில் ஒரு ஓரத்தில் அதற்கென்றே தனியாக ஒரு சர்க்யூட் இருக்கிறது, என்வென்க் என்று சொல்வது அதைத்தான். 3060-இல் உள்ள அதே சர்க்யூட்தான் 3080-இலும் 3090-இலும் இருக்கிறது. ஒரே செட்டிங் கொடுத்தால் தரம் ஒன்றுதான். முன்கூட்டிப் பார்ப்பது போன்ற சில வேலைகளுக்குக் கூடா கோரையும் கொஞ்சம் தொட்டுக்கொள்ளும் என்பதால் நீங்கள் சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு, ஆனால் தரம் அதனால் ஏறாது.

கொடுமுடி அண்ணா, உங்கள் சோதனையில் ஒரு சிக்கல். `-crf 23`-உம் `-cq 23`-உம் ஒரே அளவுகோல் அல்ல. ஒன்று எக்ஸ்265 தனக்கென்று வைத்துக்கொண்ட எண், இன்னொன்று என்விடியாவின் எண். இரண்டும் 23 என்பதால் இரண்டும் ஒரே தரம் என்று ஆகாது. உங்கள் கார்டு ஃபைல் இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது சரி. அதன் தரமும் கூடவே உயர்ந்திருக்கலாம் அல்லவா? அதைப் பார்த்தீர்களா?

ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டு ஃபைலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து தரத்தைப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரே தரத்துக்குக் கொண்டுவந்து அளவைப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் மாறினால் எதையும் சொல்ல முடியாது.

தேர்நேரலை · சனி, காலை 8:47

நான் கோவில் திருவிழாக்களை நேரலை செய்பவன். என் அனுபவத்தில் கார்டுதான், பேச்சே இல்லை. முன்பு ஓபிஎஸ்-இல் எக்ஸ்264 வைத்திருந்தேன். தேர் நகரத் தொடங்கியதும் கூட்டம் முழுக்க அசையும், அந்த நேரம் பார்த்து கீழே `Encoding overloaded!` என்று வரும், படம் நின்று நின்று போகும். என்வென்க்குக்கு மாற்றிய பிறகு அந்த எச்சரிக்கையை நான் பார்க்கவே இல்லை. 6000 கேபிபிஎஸ், சிபிஆர் வையுங்கள், கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

நிழல்வரி · சனி, காலை 9:10

நேரலைக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அங்கே ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லிநொடிதான் கெடு. அதற்குள் முடிக்க எக்ஸ்264-ஐ `veryfast` வரை இறக்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் புதிய கார்டின் படம் அதைவிட நன்றாகவே இருக்கும்.

ஆனால் அண்ணா கேட்பது நேரலை இல்லை. அவருக்குக் கெடு கிடையாது, ஒரு ஃபிரேமுக்கு எவ்வளவு நேரமும் எடுக்கலாம். சிபிஆரும் அவருக்கு ஆகாது. மணவறை காலியாக இருக்கும் காட்சிக்கும் அட்சதை விழும் காட்சிக்கும் ஒரே அளவு பிட் கொடுத்தால் ஒரு பக்கம் வீண், இன்னொரு பக்கம் பற்றாக்குறை.

கொடுமுடி_வீடியோ · சனி, மதியம் 1:33

நிழல்வரி தம்பி சொன்ன பிறகுதான் உறைத்தது. அளவை மட்டும் பார்த்தேன், படத்தை அருகருகே வைத்துப் பார்க்கவே இல்லை. சரி, எப்படிச் சோதிப்பது? ஆறு மணி நேரத்தையும் ஓட்ட முடியாது.

நிழல்வரி · சனி, மதியம் 2:15

ஆறு மணி நேரம் தேவையில்லை, 90 நொடி போதும். ஆனால் எந்த 90 நொடி என்பதுதான் முக்கியம். மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்திருக்கும் காட்சியை எடுத்தால் எந்த என்கோடரும் ஜெயித்துவிடும். உங்கள் வீடியோவில் என்கோடரைத் திணறவைப்பவை இரண்டு. ஒன்று ஹோமப் புகை: அதற்கு ஓரமே கிடையாது, மெதுவாக உருமாறிக்கொண்டே இருக்கும், போன ஃபிரேமிலிருந்து எடுத்து ஒட்ட எதுவும் கிடைக்காது. இன்னொன்று தாலி கட்டும்போது நாலாப் பக்கமிருந்தும் விழும் அட்சதை. நூற்றுக்கணக்கான சின்னப் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போகும். இரண்டும் சேர்ந்து வரும் முகூர்த்த நேரத்தை வெட்டுங்கள்.

```
ffmpeg -ss 00:42:10 -t 90 -i kalyanam.mp4 -map 0:v -c copy sample.mkv
```

அப்புறம் இரண்டு பக்கமும் நல்ல செட்டிங்கோடு ஓட்டுங்கள்.

```
ffmpeg -i sample.mkv -c:v libx265 -preset slow -crf 21 \
  -pix_fmt yuv420p10le x265.mkv

ffmpeg -i sample.mkv -c:v hevc_nvenc -preset p7 -tune hq \
  -rc vbr -cq 26 -b:v 0 -rc-lookahead 32 -spatial_aq 1 \
  -bf 3 -pix_fmt p010le nvenc.mkv
```

முதலில் எக்ஸ்265-ஐ ஓட்டி ஃபைல் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கார்டில் `-cq` எண்ணை ஏற்றி இறக்கி அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு ஓட்டம் சில நொடிகள்தான் என்பதால் நாலைந்து முறை முயலலாம். `-b:v 0` என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் உள்ளே இருக்கும் வேறொரு பிட்ரேட் வரம்பு குறுக்கே வந்து நிற்கும், `-cq` எண்ணை மாற்றினாலும் அளவு மாறாமல் குழப்பும்.

இரண்டிலும் 10 பிட் வைத்திருக்கிறேன். உங்கள் மூலம் 8 பிட்தான் என்றாலும், மேடைக்குப் பின்னால் எல்இடி வெளிச்சம் நிறம் மாறி மாறித் தேய்ந்து போகும் இடத்தில் பட்டை பட்டையாக விழுவதை அது குறைக்கும்.

கடைசியாக வீமாஃப். நெட்ஃபிளிக்ஸ் 2016-இல் வெளியிட்ட அளவுகோல். மூலத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 100-க்கு மதிப்பெண் போடும்.

```
ffmpeg -i nvenc.mkv -i sample.mkv -lavfi \
  "[0:v]setpts=PTS-STARTPTS[a];[1:v]setpts=PTS-STARTPTS[b];[a][b]libvmaf=log_path=nvenc.json:log_fmt=json" \
  -f null -
```

சுருக்கிய ஃபைல் முதலில், மூலம் இரண்டாவதாக வர வேண்டும்.

கவிநயா_எடிட் · சனி, மாலை 4:02

வீமாஃப் எண்ணை நம்பி 60 கல்யாணத்தை மாற்றாதீர்கள் சார். நான் பத்து வருடமாக எடிட் செய்கிறேன். 95 வாங்கிய ஃபைலில் பட்டுப்புடவை ஜரிகை மழுங்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன். பட்டை விழும் குறையை வீமாஃப் சரியாகக் கண்டுகொள்ளாது என்பதால்தான் நெட்ஃபிளிக்ஸே பிறகு அதற்கென்று கேம்பி என்று தனி அளவுகோல் கொண்டுவந்தது. டிவியில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

எனக்கு எக்ஸ்265 மேலும் ஒரு குறை உண்டு. அப்படியே விட்டால் நுண்மையான இழைகளைத் தடவிவிட்டது மாதிரி ஆக்கிவிடும். `-x265-params no-sao=1` சேர்த்துப் பாருங்கள், ஜரிகையில் வித்தியாசம் தெரியும்.

நிழல்வரி · சனி, மாலை 4:40

கவிநயா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், கண்ணால் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. நான் வீமாஃபை எடுக்கச் சொல்வது சராசரி எண்ணுக்காக அல்ல. 2,250 ஃபிரேமில் எந்தெந்த ஃபிரேம் மோசமாக வந்திருக்கிறது என்று அந்த ஜேசன் ஃபைல் காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் நிறுத்திப் பார்ப்பதற்குத்தான்.

கொடுமுடி_வீடியோ · ஞாயிறு, காலை 7:15

ஓட்டிப் பார்த்தேன், ஏதோ தவறு. இரண்டுக்குமே 60-ஐ ஒட்டித்தான் மதிப்பெண் வருகிறது. டிவியில் பார்த்தால் இரண்டும் மூலம் மாதிரியே இருக்கின்றன.

நிழல்வரி · ஞாயிறு, காலை 7:38

படம் நன்றாக இருந்து மதிப்பெண் மட்டும் விழுந்தால், அதுவும் இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்தால், ஃபிரேம்கள் ஒன்று இரண்டு தள்ளிப்போய் ஒப்பிடப்படுகின்றன என்று அர்த்தம். இந்த நிமிடத்து அட்சதையை அடுத்த ஃபிரேம் அட்சதையோடு ஒப்பிட்டால் எப்படிப் பொருந்தும்? அசைவே இல்லாத காட்சியில் மட்டும் மதிப்பெண் உயர்ந்து, அசையும்போது சரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

காரணம் நான் கொடுத்த முதல் கட்டளைதான், மன்னிக்கவும். `-c copy` என்று வெட்டும்போது கீஃபிரேமில்தான் வெட்டு விழும், தொடக்கத்தில் நேரக்குறி கோணலாக நிற்கும். மாதிரியை ஒருமுறை இழப்பில்லாமல் எழுதிவிட்டால் தொல்லை போய்விடும்.

```
ffmpeg -ss 00:42:10 -t 90 -i kalyanam.mp4 -an -c:v libx264 -qp 0 sample.mkv
```

`-qp 0` என்றால் எதையும் இழக்காது. ஃபைல் பெரிதாக இருக்கும், 90 நொடிக்குப் பரவாயில்லை.

வல்வை_மைந்தன் · ஞாயிறு, முற்பகல் 11:20

நீங்கள் எல்லோரும் தரத்தைப் பற்றிக் கதைக்கிறீர்கள், நான் வேறொன்று சொல்கிறேன். அண்ணை, உங்கள் இடத்தில் கரண்ட் எப்படி? என் தங்கையின் கல்யாண வீடியோவை எக்ஸ்265-இல் போட்டுவிட்டுப் படுத்தேன். ஏழு மணித்தியாலம் ஓடியிருக்கும், விடியப்புறம் கரண்ட் போய்விட்டது. டிஸ்கில் 14 ஜிபி ஃபைல் இருக்கிறது, திறந்தால் `moov atom not found`. எம்பி4 கடைசியில்தான் அட்டவணையை எழுதும். அது எழுதப்படாவிட்டால் உள்ளே இருக்கிற படம் எதுவும் விளங்காது. ஒரு இரவு முழுக்க வீண்.

அதற்குப் பிறகு நான் எம்கேவியில்தான் எழுதுகிறேன். நடுவில் நின்றாலும் எழுதின வரைக்கும் ஓடும். முடிந்ததும் வேண்டுமென்றால் `-c copy` போட்டு எம்பி4 ஆக்கலாம், சில நிமிட வேலை. கார்டில் செய்தால் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும், கரண்ட் போனாலும் இழப்பு சின்னது. இதையும் கணக்கில் எடுங்கள்.

கொடுமுடி_வீடியோ · ஞாயிறு, இரவு 9:50

வல்வை தம்பி சொன்னது நல்ல யோசனை, எனக்குத் தோன்றவே இல்லை. யூபிஎஸ் இருக்கிறது, ஆனால் 15 நிமிடம்தான் தாங்கும்.

இப்போது எண்கள் சரியாக வருகின்றன. முதலில் ஒரே அளவு: இரண்டு ஃபைலும் சுமார் 90 எம்பி, அதாவது நொடிக்கு 8 மெகாபிட். இதற்குக் கார்டில் `-cq`-வை 29 வரை ஏற்ற வேண்டியிருந்தது. சராசரி வீமாஃப் எக்ஸ்265-க்கு 96, கார்டுக்கு 95. இவ்வளவு நெருக்கமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் மோசமான ஃபிரேமில்தான் கதை இருக்கிறது. தாலி கட்டிய அடுத்த இரண்டு நொடியில் எக்ஸ்265 இறங்கிய அடிமட்டம் 89, கார்டு 81. அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். மணப்பெண்ணின் கன்னத்துக்குப் பக்கத்தில் அட்சதை விழுகிறது. எக்ஸ்265-இல் ஒவ்வொரு அரிசியும் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் மஞ்சளாகத் தெரிகிறது. கார்டு ஃபைலில் அரிசியைச் சுற்றிக் கன்னத்தின் தோல் சின்னச் சின்னச் சதுரமாக உடைந்து, மூன்று நான்கு ஃபிரேமுக்குப் பிறகுதான் சரியாகிறது. ஓடும்போது எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் எது எது என்று சொல்லாமல் இரண்டையும் டிவியில் போட்டுக் காட்டினேன். மற்ற இடமெல்லாம் ஒன்று போலத்தான் என்றாள். அட்சதை வந்ததும் கார்டு ஃபைலைக் காட்டி, "இதில் முகம் ஒரு நிமிஷம் கலங்குது" என்றாள்.

கார்டிலும் அடிமட்டம் 89 வரும்வரை பிட்ரேட்டை ஏற்றினேன். 10.5 மெகாபிட் தேவைப்பட்டது, அதாவது 30 சதவீதம் கூடுதல். ஓடும் வேகம் எக்ஸ்265 `slow`-வுக்கு நொடிக்கு 18 ஃபிரேம், கார்டுக்கு 180.

ஏன் அந்த இரண்டு நொடியில் மட்டும் இப்படி? மற்ற இடத்தில் வித்தியாசமே இல்லையே.

நிழல்வரி · ஞாயிறு, இரவு 10:31

அருமையான சோதனை. ஏன் என்று என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் என்கோடர் சில கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும். இந்தக் கட்டத்தை அப்படியே வைப்பதா, நான்காக உடைப்பதா, அதையும் உடைப்பதா? எந்த ஃபிரேமின் எந்த இடத்திலிருந்து எடுத்து ஒட்டுவது? மிச்சமிருக்கும் வித்தியாசத்தை எவ்வளவு துல்லியமாக எழுதுவது? எக்ஸ்265 `slow`-வில் இந்தக் கூட்டணிகளில் நிறையவற்றை உண்மையாகவே செய்து பார்த்து, இத்தனை பிட் செலவு, இவ்வளவு தரம் என்று எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். கடினமான கட்டம் வந்தால் அங்கே அதிக நேரம் நின்றுகொள்ளும். உங்கள் லாகைப் பாருங்கள், அட்சதை வரும்போது 18 ஃபிரேம் வேகம் இன்னும் கீழே இறங்கியிருக்கும்.

கார்டில் உள்ள சர்க்யூட் அப்படி நிற்க முடியாது. அது வரிசையாக ஓடும் பட்டறை மாதிரி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே நேரம். தேடலின் பரப்பும் எத்தனை வழிகளை முயல்வது என்பதும் சிலிக்கானிலேயே தீர்மானிக்கப்பட்டவை. சோபாவில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைக்கு அந்த முயற்சி போதும், அதனால்தான் சராசரி 95 வருகிறது. அட்சதைக்குப் போதவில்லை. `p1`-இலிருந்து `p7`-க்குப் போனால் கொஞ்சம் கூடுதலாகத் தேடும், ஆனால் எக்ஸ்265 போகும் தூரத்துக்குப் போகாது. 2012-இல் முதல் என்வென்க் வந்ததிலிருந்து ஒவ்வொரு தலைமுறையும் அந்தப் பட்டறையைப் பெரிதாக்கிக்கொண்டே வருகிறது, ஆனால் அடிப்படை இதுதான்.

சேலம்_செந்தில் · திங்கள், காலை 8:05

சரி, கோர் எண்ணிக்கை பற்றி நான் சொன்னது தவறு, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 30 சதவீதம் என்பது பெரிய வித்தியாசம்தானே? அப்போது பிராசசர்தான் சரி என்று நான் முதலிலேயே சொன்னது நிற்கிறது.

ஒரு சந்தேகமும் இருக்கிறது. என் தம்பியிடம் ஜிடிஎக்ஸ் 1650 இருக்கிறது. அதுவும் டியூரிங்தான். இந்தக் கட்டளையைப் போட்டால் `No capable devices found` என்று வருகிறது.

நிழல்வரி · திங்கள், காலை 8:50

அந்தக் கார்டு ஒரு விதிவிலக்கு. முதலில் வந்த 1650-இல் டியூரிங் சிப் இருந்தாலும் என்வென்க் மட்டும் முந்தைய வோல்டா தலைமுறையுடையது. எச்.265-க்கு பி-ஃபிரேம் இல்லை, அதனால் `-bf 3` என்றதும் மறுத்துவிடுகிறது. `-bf 0` கொடுத்தால் ஓடும், ஆனால் 3060 தரம் வராது. பிறகு வேறு சிப்போடு வந்த 1650-களும் உண்டு. ஜிபியூ-இசட்டில் பாருங்கள், `TU117` என்றிருந்தால் பழையது.

30 சதவீதம் பெரியதா என்பதை அண்ணாவின் 60 கல்யாணத்தை வைத்தே பார்ப்போம். ஒரு கல்யாணம் ஆறு மணி நேரம், 5,40,000 ஃபிரேம். எக்ஸ்265-இல் எட்டு மணி இருபது நிமிடம், கார்டில் 50 நிமிடம். அறுபதுக்கும் சேர்த்து 500 மணி நேரமா, 50 மணி நேரமா என்பதுதான் கேள்வி.

இப்போது இடம். 8 மெகாபிட்டில் ஒரு கல்யாணம் 21.6 ஜிபி, 10.5 மெகாபிட்டில் 28.4 ஜிபி. மொத்தத்தில் ஒரு பக்கம் 1.3 டெராபைட், இன்னொரு பக்கம் 1.7 டெராபைட். இப்போது இருப்பது 8.1. எந்த வழியில் போனாலும் ஆறு டெராபைட்டுக்கு மேல் மிச்சம். அந்த 450 மணி நேரத்தைக் கொடுத்து அவர் வாங்குவது 400 ஜிபிதான். மின்சாரத்தையும் பாருங்கள். பிராசசர் முழு மூச்சில் ஓடும்போது கம்ப்யூட்டர் மொத்தம் 140 வாட் இழுக்கிறது என்று வைத்தால் 500 மணி நேரத்துக்கு 70 யூனிட். கார்டுக்கு ஏழு யூனிட் கூட ஆகாது.

இதே 30 சதவீதம் வேறொருவருக்கு வாழ்வா சாவா. ஒருமுறை சுருக்கி ஆயிரம் பேருக்கு அனுப்புகிறவர் ஒவ்வொரு பிரதியிலும் அந்த 30 சதவீதத்தைச் சேமிக்கிறார். அவர் ஒரு இரவு அல்ல, ஒரு வாரம் கூட ஓட்டலாம். அண்ணாவின் ஃபைலை யாராவது கேட்டால்தான் திறப்பார்.

கவிநயா_எடிட் · திங்கள், மதியம் 12:18

கணக்கு சரி. ஆனால் நான் ஒத்துக்கொள்ளாத இடம் ஒன்று இருக்கிறது. யாராவது கேட்டால்தான் திறப்பார் என்றீர்கள். கேட்பவர்கள் எதைக் கேட்பார்கள்? தாலி கட்டிய அந்த நிமிடத்தைத்தான். பத்து வருடம் கழித்து, அப்பாவோ பாட்டியோ இல்லாமல் போன பிறகு, அவர்கள் அட்சதை போட்ட காட்சியை வெட்டி எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பார்கள். எனக்கு இப்படி இரண்டு முறை வந்திருக்கிறது. அன்றைக்கு அதை மறுபடியும் எடிட் செய்து மறுபடியும் சுருக்குவோம். ஏற்கெனவே உடைந்த கட்டம் இரண்டாவது முறை இன்னும் உடையும்.

அதனால் ஆறு மணி நேரத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். முகூர்த்தம் அரை மணி நேரம்தான், 50 மெகாபிட்டில் 11 ஜிபி. அதைத் தொடவே வேண்டாம், மூலத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமுள்ள ஐந்தரை மணி நேரத்தை எதில் வேண்டுமானாலும் சுருக்குங்கள்.

நிழல்வரி · திங்கள், மதியம் 1:04

இது என் யோசனையைவிட நல்லது. 60 கல்யாணத்தின் முகூர்த்தமும் சேர்த்து 675 ஜிபிதான், நிச்சயம் தாங்கும்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வெட்டுவது `-c copy`-யில் என்பதால் கீஃபிரேமைப் பார்த்து முன்பின் ஒரு நிமிடம் தாராளமாக விட்டு வெட்டுங்கள், அண்ணா.

தேர்நேரலை · திங்கள், மாலை 5:40

நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யூடியூபில் ஏற்றுவதற்கு எக்ஸ்265 `slow`-வில் சுருக்கி ஏற்றினால் தரம் கூடுமா? திருவிழா முடிந்ததும் முழு வீடியோவையும் ஏற்றுகிறேன்.

கவிநயா_எடிட் · திங்கள், மாலை 6:11

கூடாது. யூடியூப் எதை வாங்கினாலும் தன் பங்குக்கு மறுபடியும் சுருக்கித்தான் காட்டும். அங்கே சின்ன ஃபைலுக்குப் பரிசு கிடையாது. உங்கள் நெட் தாங்கும் அளவுக்குப் பிட்ரேட்டை ஏற்றி, கார்டிலேயே எடுத்து ஏற்றுங்கள். கொழுத்த பிட்ரேட்டில் இரண்டு என்கோடருக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும்.

கொடுமுடி சாருக்கும் ஒன்று. வாடிக்கையாளருக்குப் பென்டிரைவில் கொடுப்பதை எச்.265 ஆக்காதீர்கள். பழைய ஃபுல் எச்டி டிவி பலவற்றில் ஓடாது, 10 பிட் என்றால் இன்னும் சந்தேகம்.

கொடுமுடி_வீடியோ · வியாழன், இரவு 10:20

மூன்று நாளாக ஓடுகிறது. முகூர்த்தம் மூலத்திலேயே, மற்றதெல்லாம் கார்டில் `p7`, 10.5 மெகாபிட்டை ஒட்டி, எல்லாம் எம்கேவி. இதுவரை 14 கல்யாணம் முடிந்தது. ஒவ்வொன்றிலும் நடுவில் மூன்று இடத்தைத் திறந்து பார்த்து, நீளம் மூலத்தோடு நொடி பிசகாமல் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகுதான் பழையதை அழிக்கிறேன். பகலில் எடிட்டிங்குக்குக் கம்ப்யூட்டர் சும்மா கிடைக்கிறது, எக்ஸ்265 ஓட்டியிருந்தால் அது நடந்திருக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு முடிவு தெரியவில்லை. வரவேற்பில் புகை மெஷின் போட்ட ஒரு கல்யாணம் இருக்கிறது. அதே அளவில் எக்ஸ்265-உம் கார்டும் ஓட்டிப் பார்த்தேன். எக்ஸ்265 புகையை வழவழவென்று ஆக்கிவிடுகிறது, கேமராவின் மணல்மணலான நாய்ஸ் போய்விடுகிறது. கார்டில் அந்த மணல் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் மேடைக்கு மேலே இருட்டில் லேசாகக் கட்டம் தெரிகிறது. வீமாஃப் எக்ஸ்265-க்குத்தான் கூடுதல். என் கண்ணுக்குக் கார்டு ஃபைல்தான் அன்றைக்கு மண்டபத்தில் பார்த்த மாதிரி இருக்கிறது.

கவிநயா_எடிட் · வியாழன், இரவு 10:44

`no-sao=1` போட்டுப் பார்த்தீர்களா?

கொடுமுடி_வீடியோ · வியாழன், இரவு 11:30

போட்டேன். மணல் கொஞ்சம் திரும்பி வந்தது, கூடவே ஃபைலும் கொஞ்சம் பெருத்தது. அளவைச் சமப்படுத்தி மறுபடியும் பார்க்க வேண்டும். இரண்டு துண்டையும் நாளை இங்கே ஏற்றுகிறேன், எது எது என்று சொல்லமாட்டேன். பார்த்துவிட்டு உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லுங்கள்.

நிழல்வரி · வியாழன், இரவு 11:36

இருட்டறையில் பார்ப்பவர்கள், பகலில் போனில் பார்ப்பவர்கள் என்று அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள் அண்ணா. இருட்டில் தெரியும் கட்டம் போனில் தெரியாது.